கனத்த கோடு, காலியான தோல்

டாட்டூ கடைக்குப் போகிற இளைஞர்களில் பலர் இப்போது கைப்பேசியில் ஒரு படத்தோடு போகிறார்கள். அந்தப் படம் ஓவியர் வரைந்ததல்ல. மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாதிரி ஒரு ஏஐ செயலியில் நாலு வார்த்தை தட்டி வரவழைத்தது. சிங்கம் என்றால் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கண்ணில் ஈரம் மின்னும். முகத்தின் ஒரு பாதி புகையில் கரைந்து மறையும். திரையில் பார்க்க அழகுதான். ஆனால் அதை வாங்கிப் பார்க்கும் டாட்டூ கலைஞர் கேட்பது ஒரே கேள்வி: “இதுல கோடு எங்க இருக்கு?”

அவர் அப்படிக் கேட்பதற்குத் தொழில் சார்ந்த காரணம் இருக்கிறது. ஊசியைத் தொடுமுன் அவர் முதலில் செய்வது ஸ்டென்சில். படத்தின் கோடுகளை மட்டும் தெர்மல் அச்சு இயந்திரத்தில் கார்பன் தாளில் எடுத்து, சுத்தம் செய்த தோலில் ஒட்டி உரிப்பார். ஊதா நிறத்தில் கோடுகள் தோலில் பதியும். அந்தக் கோட்டின் மேல்தான் ஊசி ஓடும். கோடு ஸ்டென்சிலில் வரும், புகை வராது. ஏஐ தந்த சிங்கத்தில் மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்பதைச் சாம்பல் நிழல் மட்டுமே காட்டுகிறதென்றால், அந்த இடத்தில் கலைஞர் ஊகித்துத்தான் வேலை செய்ய வேண்டும். உங்கள் தோலில் ஊகம் வேண்டாமென்றால், படத்தை வரவழைக்கும்போதே கோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். அதற்கான பிராம்ப்டை எப்படி எழுதுவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

அதற்கு முன்னால் தோலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மை தங்குவது தோலின் மேற்பரப்பில் அல்ல, சுமார் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உள்தோலில். உடலின் காவல் செல்கள் அந்த மைத்துகள்களை அந்நியப் பொருளாகக் கருதி விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அந்தச் செல் இறந்தால் துகள் வெளியே வரும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு செல் அதைப் பிடித்துக்கொள்ளும். இந்தக் கைமாற்றம் வருடக்கணக்கில் நடக்கும்போது சில துகள்கள் சற்றே நகர்ந்துவிடுகின்றன, சில வெளியேறியும் விடுகின்றன. அதனால் எந்தக் கோடும் வருடங்கள் போகப் போக அகலும், விளிம்பு மழுங்கும். இரண்டு கோட்டுக்கு நடுவே போதிய இடைவெளி இருந்தால் அகன்ற பிறகும் அவை இரண்டு கோடாகவே தெரியும். இல்லையென்றால் ஒன்றோடொன்று சேர்ந்து கறையாகிவிடும்.

மெல்லிய சாம்பல் நிழலுக்கு இதில் கூடுதல் பாதிப்பு உண்டு. அது பெரும்பாலும் கறுப்பு மையை நீர்த்துப் போட்டது. தோலுக்குள் போகும் துகளே குறைவு, அதனால் முதலில் வெளிறுவதும் அதுதான். நம் ஊர் மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் இன்னொரு காரணமும் சேர்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் மேல்தோலில் இருக்கிறது, மை அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே மையை நாம் எப்போதும் ஒரு பழுப்புப் படலத்தின் வழியாகவே பார்க்கிறோம். வெள்ளைத் திரையில் ஐந்தாறு படிநிலைகளாகத் தெரிந்த சாம்பல், நம் கையில் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடும். கடைசிவரை நம்பக்கூடியவை இரண்டே: அடர்ந்த கறுப்பு, மை படாத தோல்.

நம் கிராமத்துப் பாட்டிகளின் முன்கையில் இருக்கும் பச்சையைப் பாருங்கள். குறத்தியர் கரிமையும் ஊசியும் கொண்டு குத்தியவை அவை. புள்ளியும் கோடும் கோலமும் மட்டும்தான், நிழல் என்று எதுவுமே கிடையாது. கோடு தடித்து, கறுப்பு பச்சையாகவோ நீலமாகவோ மாறியிருக்கும். ஆனாலும் அது என்ன கோலம் என்பது இன்றும் தெரியும், ஏனென்றால் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே தோலை விட்டிருந்தார்கள். ஹோனலூலுவில் கடை வைத்திருந்த, ‘செய்லர் ஜெர்ரி’ என்று அறியப்பட்ட நார்மன் காலின்ஸ் (1911–1973) போன்றவர்கள் வளர்த்த அமெரிக்கப் பழைய பாணி டாட்டூவிலும் கனத்த வெளிக்கோடுதான் உயிர். அந்தப் பாணியில் நிழலும் உண்டு, வண்ணமும் உண்டு. ஆனால் இரண்டையும் எடுத்துவிட்டாலும் கோடு மட்டுமே உருவத்தைச் சொல்லிவிடும். என் பார்வையில் நல்ல டாட்டூ வடிவத்துக்கு இதுதான் உரைகல்.

இனி பிராம்ப்ட். ஏஐ செயலிகள் ஆங்கிலப் பிராம்ப்டுக்கே நன்றாகப் பழக்கப்பட்டவை என்பதால் அதை ஆங்கிலத்திலேயே தருகிறேன். பனைமரத்தை எடுத்துக்கொள்வோம். முன்கையின் உள்பக்கத்தில், 12 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பனை வேண்டும். முதல் முயற்சியில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்:

```
palmyra palm tattoo, realistic, highly detailed, beautiful shading
```

இது தரும் படம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். ஒரு கையின் புகைப்படம் வரும், அதன் மேல் டாட்டூ. மரம் பெரும்பாலும் தென்னையாகத்தான் இருக்கும். பின்னால் மங்கலான சூரியன், அடியில் புகைமாதிரி ஒரு தரை, ஓலைகளில் எண்ண முடியாத அளவு கீற்று. இதில் ஒவ்வொரு தவறையும் ஒரு சொல் கொண்டுவந்திருக்கிறது.

‘tattoo’ என்று மட்டும் எழுதினால், இணையத்தில் அந்தச் சொல்லோடு கிடக்கும் படங்களில் பெரும்பங்கு தோலின் புகைப்படம் என்பதால் செயலியும் தோலை வரைகிறது. நமக்கு வேண்டியது தோலில் போடுவதற்கு முந்தைய வரைபடம். கடைச் சுவரில் மாதிரியாக ஒட்டி வைக்கும் வரைபடங்களுக்குத் தொழிலில் ஃப்ளாஷ் என்று பெயர். ‘tattoo flash’ என்று கேட்டால் வெள்ளைத் தாளில் தனியாக நிற்கும் உருவம் வரும். ‘realistic’, ‘highly detailed’, ‘intricate’ ஆகிய மூன்றும் நிழலை அழைத்துவரும் சொற்கள். ‘shading’ என்ற சொல் பிராம்ப்டில் இல்லாவிட்டாலும் இவை அதைக் கொண்டுவந்துவிடும். ‘sketch’ என்றால் குறுக்குக் கோடுகள் குவியும். ‘linocut’, ‘woodcut’ என்றால் நல்ல அடர்கறுப்பு கிடைக்கும், ஆனால் உளி கிழித்தது போன்ற சிறு கீறல்களும் சேர்ந்து வரும். அந்தக் கீறல்கள்தான் தோலில் முதலில் அடைபடுபவை.

பலரும் சறுக்கும் இன்னொரு இடம், வேண்டாததைச் சொல்லும் முறை. ‘no shading’ என்று பிராம்ப்டுக்குள்ளேயே எழுதுவார்கள். பல செயலிகள் ‘no’ என்ற சொல்லைவிட ‘shading’ என்ற சொல்லைத்தான் பலமாகப் பிடித்துக்கொள்கின்றன. விளைவு, நிழல் கூடுகிறது. வேண்டாததைச் சொல்ல ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நெகடிவ் பிராம்ப்ட் என்று தனிப் பெட்டி இருக்கிறது, மிட்ஜர்னியில் பிராம்ப்டின் கடைசியில் `--no` என்று சேர்க்கலாம். இந்த வசதி இல்லாத செயலியில் ‘நிழல் இல்லாமல்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, நிழலுக்குப் பதில் அங்கே என்ன இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும்: தட்டையான இரண்டே நிறம், முழுக் கறுப்பு, வெற்று வெள்ளை.

முக்கியமான அடுத்த படி, காலியிடத்தையும் ஒரு உருவமாக நினைத்து எழுதுவது. வெறுமனே ‘negative space’ என்று போட்டால் செயலி மரத்தைச் சுற்றி நிறைய வெள்ளையை விட்டுவிட்டு, மரத்துக்குள்ளே கண்டபடி கிறுக்கி வைக்கும். உருவத்துக்கு உள்ளே எந்த இடத்தில், எவ்வளவு அகலத்தில், என்ன வடிவத்தில் தோல் தெரிய வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். பனைமரத்தில் அது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன். தண்டை முழுக் கறுப்பாக விடலாம். பனையில் தழும்பு வளையங்கள் உண்டல்லவா, அவற்றை மெல்லிய கோடாக வரையாமல் மூன்று அகலமான வெற்றுப் பட்டையாகக் காட்டலாம். நிழலுக்குப் பதில் அந்தப் பட்டைகளே தண்டின் உருட்சியைச் சொல்லிவிடும், சற்று வளைத்துப் போட்டால் போதும். நுங்குக் குலையை மூன்று கறுப்பு வட்டங்களாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பிறைத் துண்டு மட்டும் காலியாக விட்டால் அதுவே பளபளப்பு. ஓலைதான் சிக்கலான இடம். உண்மையான பனையோலையில் டஜன் கணக்கில் மடிப்புகள் இருக்கும். நம் படத்தில் ஒரு ஓலையின் அகலம் மூன்று சென்டிமீட்டர்தான். அதற்குள் முப்பது மடிப்பு போட்டால் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர், கோடும் இடைவெளியும் சேர்த்து. அது சில வருடத்தில் கறுப்பு விசிறியாகிவிடும். ஏழு மடல் போட்டால் ஒன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் கிடைக்கும். தாராளமாகக் கோடும் ஓடும், தோலும் தெரியும். ஏழு மடல் விசிறியைப் பார்த்தாலும் பனையோலை என்று யாருக்கும் தெரியும்.

பனை என்று பெயரை மட்டும் எழுதினால் தென்னை வருகிறது என்று சொன்னேன். தவறாமல் பனை வர, பெயரோடு உருவத்தையும் சொல்ல வேண்டும்: நேரான தண்டு, பந்து போன்ற தலை, விறைப்பான விசிறி ஓலை. எல்லாம் சேர்த்துத் திருத்திய பிராம்ப்ட் இது:

```
tattoo flash design, single palmyra palm,
straight trunk, round crown of stiff fan-shaped leaves,
seven thick blades per leaf, wide gaps between blades,
solid black trunk broken by three wide blank curved bands,
three black round fruits, each with one blank crescent,
bold uniform black outlines, flat two-tone black and white,
isolated on plain white background
```

நெகடிவ் பெட்டியில் போட வேண்டியவை:

```
gray, gradient, shading, crosshatching, stippling,
texture, photo, skin, arm, frame, text
```

மிட்ஜர்னி என்றால் கடைசியில் இதைச் சேர்க்கலாம்:

```
--no gradient, shading, texture --ar 1:2 --s 50
```

இதில் `--ar 1:2` முன்கைக்கு ஏற்ற ஒடுங்கிய நீள வடிவம். `--s` என்பது செயலி தன் சொந்த அலங்காரத்தை எவ்வளவு சேர்க்கலாம் என்ற அளவு. குறைத்து வைத்தால் நாம் சொன்னதோடு நிற்கும். பிராம்ப்டில் சொற்களின் வரிசையையும் கவனியுங்கள். முதலில் என்ன பொருள், பிறகு அதன் உறுப்புகள், ஒவ்வொரு உறுப்பிலும் எங்கே கறுப்பு எங்கே காலி, கடைசியில்தான் பாணி. ஒரு ஓவியரிடம் வாயால் விளக்கினாலும் இந்த வரிசையில்தான் விளக்குவோம். வாழும் டாட்டூ கலைஞர் ஒருவரின் பெயரைப் போட்டு ‘அவர் பாணியில்’ என்று கேட்பது வேண்டாம். அது அவர் உழைப்பைத் திருடுவது. கனத்த கோடு யாருக்கும் சொந்தமில்லை, அதைப் பெயர் சொல்லாமலே கேட்கலாம்.

வந்த படத்தை உடனே நம்பிவிடக் கூடாது. இந்தச் செயலிகளுக்கு எண்ணிக்கை சரியாக வராது. ஏழு மடல் கேட்டால் ஒரு ஓலையில் ஒன்பதும் இன்னொன்றில் ஐந்தும் வரலாம். அது பெரிய தவறல்ல, கலைஞர் திருத்திவிடுவார். பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது கோடுகள் சந்திக்கும் இடங்களை. ஓலைக்காம்பு தண்டைத் தொடும் இடத்தில் கோடு பாதியில் நிற்கிறதா, ஒரு கோடு காரணமில்லாமல் இரண்டாகப் பிரிகிறதா, முன்னால் இருக்கும் ஓலையின் விளிம்பு பின்னால் இருக்கும் ஓலைக்குள் நுழைந்துவிடுகிறதா? தூரத்தில் பார்க்கும்போது நம் கண் இவற்றைத் தானாகச் சரிசெய்துகொள்ளும். ஸ்டென்சில் எடுக்கும்போதுதான் பல்லிளிக்கும்.

படத்தில் நிழல் ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து `Colors > Threshold` என்ற கட்டளையைக் கொடுங்கள். சாம்பல் முழுவதும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறிவிடும். அதன் பிறகும் பனை பனையாகவே இருந்தால் வடிவம் கோட்டில் நிற்கிறது. தண்டு பாதி காணாமல் போய், ஓலை திட்டுத்திட்டாக ஆகிவிட்டால் அது இவ்வளவு நேரம் நிழலில் நின்றிருந்தது. அப்படியானால் படத்தை ஒட்டுப்போட்டுத் திருத்த முயல வேண்டாம். எந்த உறுப்பு காணாமல் போனதோ அந்த உறுப்புக்குப் பிராம்ப்டில் வெளிக்கோட்டையும் வெற்றுப் பட்டையையும் சேர்த்து மறுபடி வரவழைப்பதே சீக்கிரம் முடியும் வேலை.

இரண்டாவது சோதனை, வருங்காலத்தைப் பார்ப்பது. படத்தை உண்மையான அளவுக்குக் கொண்டுவாருங்கள். 12 சென்டிமீட்டர் உயரம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் சுமார் 1,417 பிக்சல் உயரம் வேண்டும். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் கிட்டத்தட்ட 12 பிக்சல். இப்போது `Filters > Blur > Gaussian Blur` சென்று அளவை 6 என்று வைத்து மங்கலாக்குங்கள். பிறகு மறுபடி `Threshold` கொடுத்து, கறுப்பு சற்று வீங்கும்படி நகர்த்தியை நடுவிலிருந்து வெளிச்சப் பக்கமாக, பத்தில் ஒன்பது பங்கு தூரத்துக்குத் தள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகள் அடைபட்டுப்போவதையும் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிகள் ஒடுங்கினாலும் பிழைத்திருப்பதையும் பார்க்கலாம். இது எத்தனை வருடத்தில் நடக்கும் என்று யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. தோல், உடலின் இடம், வெயில், ஊசி போன ஆழம் எல்லாவற்றையும் பொறுத்தது. ஊசி அளவுக்கு மீறி ஆழமாகப் போய்விட்டால் சில நாளிலேயே கோட்டைச் சுற்றி நீலம் பரவிவிடும். அதற்கு எந்தப் பிராம்ப்டும் மருந்தல்ல. ஆனால் ஒரு படத்துக்குள் எந்த இடம் முதலில் அடைபடும் என்ற வரிசையை இந்தச் சோதனை சரியாகவே காட்டும். அடைபட்ட இடத்தில் ஒரு கோட்டை எடுத்துவிடுங்கள், அல்லது படத்தைப் பெரிதாக்குங்கள். 12 சென்டிமீட்டருக்கு யோசித்த பனையை மணிக்கட்டில் ஐந்து சென்டிமீட்டரில் போட நினைத்தால் மடல்கள் மூன்றாகக் குறைய வேண்டும், நுங்குக் குலை ஒற்றை வட்டமாக வேண்டும். அதே படத்தைச் சுருக்கினால் போதும் என்று நினைப்பதால்தான் சின்ன டாட்டூக்கள் பல கெட்டுப்போகின்றன.

வெள்ளைப் பின்னணியும் ஏமாற்றும். உங்கள் முன்கையை வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து, அதன் மேல் இந்த வரைபடத்தை இன்னொரு அடுக்காக வைத்து, அடுக்கின் வகையை `Multiply` என்று மாற்றுங்கள். வெள்ளை மறைந்து அங்கெல்லாம் உங்கள் தோல் தெரியும். திரையில் பளிச்சென்று இருந்த பிறைத் துண்டு இப்போது எவ்வளவு அடங்கிவிட்டது என்று பார்க்கலாம். தோல் நிறம் ஆழமாக ஆக, காலியிடமும் பெரிதாக வேண்டும். பிறையை இரண்டு மடங்கு அகலமாக்கக் கூச்சப்படாதீர்கள்.

பனைக்குக் கீழே பெயரோ குறளோ தமிழில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. எழுத்தைச் செயலியிடம் கேட்காதீர்கள். தமிழ் போலவே தோன்றும், ஆனால் தமிழ் அல்லாத கிறுக்கல்களை அது வரைந்து கொடுத்துவிடலாம். ‘ண’வில் ஒரு சுழி குறைவதும் புள்ளி இடம் மாறுவதும் உங்களைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில்தான் முதலில் படும். நல்ல எழுத்துருவில் நீங்களே தட்டச்சு செய்து எடுத்துப்போங்கள். ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்றவற்றின் சுழிகளுக்கு உள்ளே இருக்கும் காலியிடமும் மேலே சொன்ன கணக்குக்கு உட்பட்டதே. சுழிக்குள் இரண்டு மில்லிமீட்டர் இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும்.

நிழலே தீண்டத்தகாதது என்று நான் சொல்லவில்லை. கை தேர்ந்த கலைஞர் அடர்கறுப்பிலிருந்து படிப்படியாகப் புள்ளி குறைத்து இறக்கும் நிழல் பல வருடம் நிற்கும். முகச்சித்திரம் போடுபவர்களுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அந்த நிழலை எங்கே, எந்த ஊசியால், எத்தனை முறை ஓட்டுவது என்பதை உங்கள் தோலைத் தொட்டுப் பார்த்து அவர்தான் முடிவு செய்ய முடியும். செயலி போட்ட நிழல் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாமல் போட்டது. இடது ஓலைக்கு ஒரு திசை, வலது ஓலைக்கு வேறொரு திசை. அதைக் கலைஞரிடம் நீட்டி ‘அப்படியே வேண்டும்’ என்று பிடிவாதம் பிடித்தால் அவர் கை கட்டப்பட்டுவிடும். கோட்டையும் காலியிடத்தையும் மட்டும் கொண்டுபோனால் அவர் தன் வேலையைச் செய்ய இடமிருக்கும்.

ஆகவே கடைக்குப் போகும்போது மூன்று தாள் எடுத்துச் செல்லுங்கள். உண்மையான அளவில் அச்செடுத்த கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்று, மங்கலாக்கி வீங்க வைத்த படம் ஒன்று, உங்கள் கைப் புகைப்படத்தின் மேல் வைத்துப் பார்த்தது ஒன்று. கலைஞர் அந்தப் பனையைத் தன் கையால் திரும்ப வரையட்டும். வரைய மறுத்து உங்கள் படத்தையே நேராக ஸ்டென்சில் எடுக்கப் பார்த்தால் வேறு கடை பாருங்கள். கிளம்புமுன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: “நீங்க போட்டு அஞ்சு வருஷம் ஆன டாட்டூ போட்டோ இருந்தா காட்டுங்கண்ணா.” புதிதாகப் போட்ட அன்று எடுத்த போட்டோவில் எல்லா டாட்டூவும் நன்றாகத்தான் இருக்கும்.